கம்பி 34ஆ, 22ஆ? மாடிப்படி, பால்கனி ரெயிலிங் கணக்கு

கேள்வி: ஐயா, எங்கள் வீட்டு மாடிப்படிக்கும் பால்கனிக்கும் இரும்பு ரெயிலிங் வைக்கிறோம். படியில் 12 ஏற்றம், ஒவ்வொன்றும் 175 மி.மீ. உயரம், மிதி 250 மி.மீ. ஒரு பக்கம் சுவர் என்பதால் மறுபக்கம் மட்டும்தான் ரெயிலிங். பால்கனி முன்பக்கம் 3,600, இரண்டு ஓரங்களும் 1,200 மி.மீ. போஸ்ட் 40 மி.மீ. சதுரக் குழாய், நிற்கும் கம்பி 16 மி.மீ. சதுரம், கைப்பிடி 50 மி.மீ. உருண்டைக் குழாய். கம்பிக்குக் கம்பி 100 மி.மீ.க்கு மேல் இடைவெளி கூடாது. நான் படியின் சாய்வை அளந்து 100ஆல் வகுத்தேன். படிக்கு மட்டும் 34 கம்பி வந்தது. பட்டறைக்காரர் 22 போதும் என்கிறார். கம்பியைக் குறைத்து ஏமாற்றுகிறாரா? மொத்தம் எத்தனை கம்பி, எத்தனை குழாய் வாங்க வேண்டும்?

பதில்: பட்டறைக்காரர் ஏமாற்றவில்லை. 22 சரியான எண். ஆனால் உங்கள் 34 எங்கே தடம் மாறியது என்று பார்த்துவிட்டால் பால்கனிக் கணக்கை நீங்களே போட்டுவிடலாம். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் சாய்வு. 250 மிதி, 175 ஏற்றம் என்றால் ஒரு படியின் முன்விளிம்பிலிருந்து அடுத்த படியின் முன்விளிம்புக்குச் சாய்வாக 305.2 மி.மீ. வரும். 250ஐயும் 175ஐயும் தனித்தனியே வர்க்கமாக்கிக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் கிடைப்பது அது. ஏற்றம் 12 என்றாலும் முன்விளிம்புகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளிகள் 11தான், ஏனென்றால் பன்னிரண்டாவது முன்விளிம்பு மேல் லேண்டிங்கின் ஓரம். ஆக 11 முறை 305.2, அதாவது 3,357 மி.மீ. இதை நீங்கள் சரியாகவே அளந்திருக்கிறீர்கள். பலர் இங்கேயே 12ஆல் பெருக்கி ஓரடி கூட்டிவிடுவார்கள்.

3,357ஐ 100ஆல் வகுத்தது முதல் பிசகு. 100 என்பது இரண்டு கம்பிகளுக்கு நடுவே உள்ள வெற்றிடம். கம்பிக்கும் 16 மி.மீ. தடிமன் இருக்கிறதே! மையத்திலிருந்து மையத்துக்கு 116 வரை போகலாம். 116ஆல் வகுத்தால் 34 என்பது 29 ஆகிவிடும்.

இரண்டாவது பிசகுதான் பெரியது. இடைவெளியைச் சாய்வில் அளக்கக் கூடாது, கிடையாக அளக்க வேண்டும். தரைமேல் நிற்கும் ஒரு நேரான ரெயிலிங்கை மனதில் வையுங்கள். அதன் கைப்பிடியும் கீழ்ச்சட்டமும் ரப்பர் என்று வைத்துக்கொள்வோம். வலது ஓரத்தை அப்படியே செங்குத்தாக மேலே தூக்குகிறீர்கள். கம்பிகள் எல்லாம் செங்குத்தாகவே நிற்கும், ஒவ்வொன்றும் பக்கத்துக் கம்பியைவிடக் கொஞ்சம் மேலே ஏறியிருக்கும், அவ்வளவுதான். கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே இருந்த கிடைத் தூரம் ஒரு மில்லிமீட்டர்கூட மாறாது. ரப்பர் மட்டும் இழுபட்டு நீளும். குழந்தையின் தலை புகுமா என்பதைத் தீர்மானிப்பது அந்தக் கிடைத் தூரம். ஆகவே குழாயைச் சாய்வில் அளந்து வாங்க வேண்டும், கம்பியைக் கிடையில் அளந்து எண்ண வேண்டும். உங்கள் படியின் கிடை நீளம் 11 முறை 250, அதாவது 2,750. அதை 116ஆல் வகுத்தால் 24.

மூன்றாவது, போஸ்ட்டும் இடத்தை அடைக்கிறது. படிக்கு மூன்று போஸ்ட் வேண்டும்: கீழே ஒன்று, மேலே ஒன்று, நடுவில் ஒன்று. நடுப் போஸ்ட் இல்லாமல் 2.7 மீட்டர் தூரத்தை விட்டால் கைப்பிடியைப் பிடித்து இழுக்கும்போது ஆட்டம் கொடுக்கும். போஸ்ட்டுக்குப் போஸ்ட் ஒன்றேகால், ஒன்றரை மீட்டருக்குள் இருப்பது நல்லது. மையத்துக்கு மையம் 1,375 வீதம் இரண்டு கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் இரு பக்கமும் பாதிப் போஸ்ட்டாக 40 போக, வெற்றுக் கிடைநீளம் 1,335.

இனி ஒரு கட்டத்துக்கான கணக்கு. இரண்டு போஸ்ட்டுகளுக்கு நடுவே கம்பிகள் நின்றால் இடைவெளிகளின் எண்ணிக்கை கம்பிகளைவிட ஒன்று அதிகம். அதனால் வெற்று நீளத்திலிருந்து முதலில் ஓர் இடைவெளியைக் கழித்துவிட்டு, மீதியைக் கம்பியும் இடைவெளியும் சேர்ந்த 116ஆல் வகுக்க வேண்டும். 1,335இல் 100 போனால் 1,235. 116ஆல் வகுத்தால் 10.65. கம்பியைப் பின்னமாக வைக்க முடியாது, கீழே இறக்கினால் இடைவெளி 100ஐத் தாண்டும், ஆகவே எப்போதும் மேலே ஏற்றி 11. அப்புறம் உண்மையான இடைவெளியைப் பார்த்துக்கொள்ளுங்கள்: 11 கம்பியின் தடிமன் 176, அதை 1,335இல் கழித்தால் 1,159, அதை 12 இடைவெளிகளுக்குப் பங்கிட்டால் 96.6 மி.மீ. இரண்டு கட்டத்துக்கு 22 கம்பி. பட்டறைக்காரர் சொன்ன எண் இதுதான்.

ரெயிலிங் நின்ற பிறகு நீங்கள் டேப்பை எடுத்து அளப்பீர்கள், அது எனக்குத் தெரியும். கீழ்ச்சட்டத்தை ஒட்டிச் சாய்வாக வைத்து அளந்தால் இரண்டு கம்பிகளுக்கு நடுவே 118 காட்டும். உடனே பட்டறைக்காரரைக் கூப்பிட்டுச் சண்டை பிடிக்காதீர்கள். அதே இரண்டு கம்பிகளுக்கு நடுவே ரசமட்டத்தைக் கிடையாக வைத்து அளந்தால் 96.6தான் வரும். உங்கள் படியில் கிடைத் தூரத்தை 1.22ஆல் பெருக்கினால் சாய்வுத் தூரம், ஏனென்றால் 305.2ஐ 250ஆல் வகுத்தால் 1.22. இந்த எண்ணைச் சுவரில் பென்சிலால் எழுதி வையுங்கள், வேலை முடியும்வரை பயன்படும். படியின் சரிவு ஏறத்தாழ 35 பாகை. கட்டிங் மெஷினில் வைக்க வேண்டிய கோணமும் அதுவே.

இதன் தலைகீழான தவறும் நடக்கும். கம்பியின் மையத்துக்கு மையம் கிடையாக 112.6 என்று கணக்குப் போட்டுவிட்டு, அதையே சாய்ந்து கிடக்கும் கீழ்ச்சட்டத்தின் மேல் வரிசையாகக் குறித்துவிடுவார்கள். அங்கே குறிக்க வேண்டியது 112.6ஐ 1.22ஆல் பெருக்கிய 137.4. தவறாகக் குறித்தால் 11 கம்பியும் கட்டத்தின் கீழ் முக்கால் பாகத்துக்குள் நெருக்கிக்கொண்டு நின்றுவிடும், மேல் போஸ்ட்டுக்கு முன்னால் பெரிய ஓட்டை மிஞ்சும். குறிக்கும்போது 137, 137 என்று டேப்பை நகர்த்தி நகர்த்திக் குறிப்பதும் வேண்டாம். விட்டுப்போன அந்த 0.4 ஒவ்வொரு முறையும் சேர்ந்து கடைசிக் கம்பியில் நாலு மில்லிமீட்டருக்கு மேல் தள்ளிவிடும். டேப்பின் முனையைக் கட்டத்தின் தொடக்கத்தில் மாட்டிவிட்டு அசைக்காமல், கூட்டுத்தொகையாகக் குறித்துக்கொண்டு போக வேண்டும்.

அடுத்து உயரம். கம்பியின் எண்ணிக்கைக்கும் உயரத்துக்கும் தொடர்பே இல்லை. உயரம் தீர்மானிப்பது கம்பியின் நீளத்தை, அதன் வழியாக எத்தனை முழுக்கம்பி வாங்க வேண்டும் என்பதை. படியில் கைப்பிடியின் மேல்விளிம்பு 900 மி.மீ., பால்கனியில் 1,100 என்று எடுத்துக்கொள்கிறேன். உங்கள் ஊர்க் கட்டட விதி வேறு சொன்னால் அந்த எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள், முறை மாறாது. இடைவெளியும் அப்படித்தான்: இங்கிலாந்து விதியில் 100 மி.மீ. உருண்டை புகக் கூடாது என்பார்கள், ஆஸ்திரேலியாவில் 125 வரை விடுகிறார்கள்.

படியில் 900 என்பதை எங்கிருந்து அளப்பது என்பதில்தான் தகராறு வரும். படிகளின் முன்விளிம்புகளைத் தொட்டுக்கொண்டு ஒரு நூல் கட்டினால் அது சாய்வுக் கோடு. அந்த நூலிலிருந்து செங்குத்தாக, தூக்குக்குண்டு தொங்கும் திசையில் 900. சாய்வுக்கு மூலைமட்டம் பிடித்து 900 அளந்தால் செங்குத்து உயரம் 1,099 ஆகிவிடும். மார்புவரை வரும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு யார் இறங்குவது?

போஸ்ட்டின் நீளத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது, நானே ஒருமுறை விழுந்திருக்கிறேன். கீழ்ப் போஸ்ட்டின் மையம் முதல் படியின் முன்விளிம்பிலிருந்து 50 மி.மீ. உள்ளே நிற்கிறது என்று வையுங்கள். அந்த இடத்தில் நூல் மிதியைத் தொடாது. 50 உள்ளே வந்ததற்குள் 35 மி.மீ. ஏறியிருக்கும், ஏனென்றால் 250க்கு 175 ஏறும் சரிவு அது. ஆக அந்த மிதியிலிருந்து கைப்பிடி மேல்விளிம்பு வரை 935. மேல் போஸ்ட்டும் லேண்டிங் ஓரத்திலிருந்து 50 உள்ளே நிற்கிறது, அதற்கும் 935. ஆனால் நடுப் போஸ்ட் சரியாக ஐந்தரைப் படி தள்ளி வருகிறது. ஆறாவது படியின் மிதியில், முன்விளிம்பிலிருந்து 175 உள்ளே நிற்கும். அங்கே நூல் மிதியைவிட 122 மி.மீ. உயரத்தில் ஓடுகிறது. அதற்கு வேண்டியது 1,022. மூன்றும் ஒரே போஸ்ட்தானே என்று மூன்றையும் 935க்கு வெட்டினால் நடுப் போஸ்ட்டின் தலைக்கும் கைப்பிடிக்கும் நடுவே ஏறக்குறைய 87 மி.மீ. காற்று. அன்றைக்கு நான் தலையில் ஒரு துண்டு ஒட்டிச் சமாளித்தேன். பெயின்ட் அடித்த பிறகும் அந்த ஒட்டு தெரிந்தது, வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இந்த 935, 1,022 எல்லாம் கைப்பிடியின் மேல்விளிம்பு வரையான உயரம். போஸ்ட்டை வெட்டும்போது கைப்பிடியின் தடிமனைக் கழிக்க வேண்டும். 50 மி.மீ. குழாய் சாய்ந்து கிடக்கும்போது செங்குத்தாக 61 மி.மீ. இடத்தை எடுத்துக்கொள்ளும், இங்கேயும் அதே 1.22. அடித்தகடு 6 மி.மீ. என்றால் அதையும் கழியுங்கள். கீழ், மேல் போஸ்ட்டுகளுக்கு மையத்தில் 868 வரும், நடுவுக்கு 955 வரும்.

நிற்கும் கம்பிகளுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அவை மிதியில் நிற்காமல் கீழ்ச்சட்டத்தில் நிற்பதால், கீழ்ச்சட்டம் கைப்பிடிக்கு இணையாக ஓடும்வரை எல்லாம் ஒரே நீளம். கீழ்ச்சட்டத்துக்கு 40க்கு 20 மி.மீ. குழாயைப் படுக்கையாக எடுத்துக்கொள்கிறேன். அதன் அடிவிளிம்பை நூலிலிருந்து செங்குத்தாக 40 மி.மீ. மேலே வையுங்கள், அதற்கு மேல் வேண்டாம். காரணம் இருக்கிறது. மிதி, ஏற்றம், கீழ்ச்சட்டம் மூன்றும் சேர்ந்து ஒவ்வொரு படியிலும் ஒரு முக்கோண ஓட்டையை உண்டாக்கும். கீழ்ச்சட்டம் நூலையே தொட்டுக்கொண்டு போனாலும் உங்கள் படியில் அந்த முக்கோணத்துக்குள் 120 மி.மீ. பந்து புகும். 40 மேலே தூக்கினால் 147 மி.மீ. பந்து வரை புகும். அமெரிக்க வீட்டுக் கட்டட விதி இந்த முக்கோணத்துக்கு மட்டும் 6 அங்குலம், அதாவது 152 மி.மீ. வரை விட்டுக்கொடுக்கிறது, அந்தக் கணக்கில் 40 தேறும். எல்லா இடத்திலும் 100 என்று கண்டிப்பாக இருக்கும் ஊர் என்றால் கீழ்ச்சட்டமே உதவாது, கம்பிகளை நேராக மிதியில் இறக்கி நிறுத்த வேண்டும். அப்போது ஒவ்வொரு கம்பியும், போஸ்ட்டைப் போலவே, நிற்கும் இடத்தைப் பொறுத்து வேறு வேறு நீளம் ஆகிவிடும். உங்கள் பட்டறைக்காரர் கீழ்ச்சட்டத்தோடு வரைந்திருக்கிறாரா என்று கேட்டுவிடுங்கள்.

கீழ்ச்சட்டம் உண்டு என்று வைத்து மேலே போவோம். நூலிலிருந்து கைப்பிடியின் அடிவிளிம்பு 900இல் 61 போக 839. கீழ்ச்சட்டத்தின் மேல்விளிம்பு 40உம், 20 மி.மீ. குழாய் செங்குத்தாக எடுக்கும் 24உம் சேர்த்து 64. கழித்தால் கம்பியின் நீளம் 775. இரண்டு முனையும் 35 பாகையில், ஒன்றுக்கொன்று இணையாக வெட்ட வேண்டும். இணையாக இருப்பதால் ஒரு கம்பியின் முடிவு அடுத்த கம்பியின் தொடக்கம். ஒரு வெட்டுக்கு வீல் தின்னும் 3 மி.மீ. தவிர வேறு சேதம் இல்லை. ஆகவே படிக்கம்பி ஒன்றுக்கு 778 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, பால்கனி. இங்கே சாய்வு இல்லை, ஆனால் மூலை இருக்கிறது. உங்கள் 3,600 என்பது ஒரு மூலைப் போஸ்ட்டின் மையத்திலிருந்து மறு மூலைப் போஸ்ட்டின் மையம் வரை, 1,200 என்பது சுவர் முகத்திலிருந்து மூலைப் போஸ்ட்டின் மையம் வரை என்று எடுத்துக்கொள்கிறேன். முன்பக்கத்தை மூன்று கட்டமாகப் பிரித்தால் நாலு போஸ்ட், சுவரோரம் இரண்டு, மொத்தம் 6. மூன்று பக்கத்தையும் தனித்தனியே எண்ணிக் கூட்டுகிறவர்கள் 8 என்பார்கள். மூலைப் போஸ்ட் இரண்டு பக்கத்துக்கும் பொது என்பது எண்ணும்போது மறந்துவிடும்.

முன்பக்கக் கட்டம் ஒன்றின் வெற்று நீளம் 1,160. அதே முறையில் 100 கழித்து 116ஆல் வகுத்தால் 9.14. இந்த 0.14ஐப் பார்த்துத்தான் கை கூசும். 9 வைத்தால் இடைவெளி எவ்வளவு? 1,160இல் 144 போனால் 1,016, பத்தால் வகுத்தால் 101.6. ஒன்றரை மில்லிமீட்டர்தானே அதிகம், விட்டுவிடலாம் என்று பட்டறையில் சொல்வார்கள். வேடிக்கை என்னவென்றால் 101.6 என்பது சரியாக 4 அங்குலம், 4 அங்குலம் என்று விதி எழுதியிருக்கும் ஊரில் அது நூலிழையில் நிற்கும். 100 என்ற உங்கள் கணக்கில் நிற்காது. 10 வையுங்கள், இடைவெளி 90.9 ஆகும்.

ஓரங்களில் சுவரோரப் போஸ்ட்டின் 40உம் மூலைப் போஸ்ட்டின் பாதி 20உம் போக வெற்று நீளம் 1,140. வகுத்தால் 8.97, அதாவது 9 கம்பி, இடைவெளி 99.6. காகிதத்தில் தேறிவிட்டது. நான் இதை ஏற்க மாட்டேன். வெல்டிங் சூட்டில் கம்பி ஒரு மில்லிமீட்டர் இழுத்தால் போதும், ஒரு பக்கம் 98.6, மறுபக்கம் 100.6 ஆகிவிடும். படியில் 96.6 வந்தபோது மூன்று மில்லிமீட்டருக்கு மேல் கையிருப்பு இருந்தது, அதனால் பேசாமல் விட்டேன். இங்கே கையிருப்பு அரை மில்லிமீட்டர்கூட இல்லை. ஓரத்துக்கும் 10 வைத்தால் இடைவெளி 89.1. முன்பக்கத்தின் 90.9க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. மூலையில் நின்று பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே சீராகத் தெரியும். 9 வைத்திருந்தால் முன்பக்கம் 91, ஓரம் 99.6 என்று கண்ணுக்கே உறுத்தியிருக்கும். ஆக முன்பக்கம் 30, ஓரங்கள் 20, பால்கனிக்கு 50 கம்பி.

பால்கனிக் கம்பியின் நீளம் எளிது. 1,100 உயரத்தில் கைப்பிடிக்கு 50 போனால் 1,050. கீழ்ச்சட்டத்தின் அடியில் 75 மி.மீ. விட்டு, சட்டத்தின் 20ஐயும் சேர்த்தால் 95. மீதி 955, வெட்டோடு 958. ஒன்றைக் கவனியுங்கள்: 1,100 என்பது டைல்ஸ் போட்டு முடித்த தளத்திலிருந்து. வெறும் கான்கிரீட்டில் அளந்து போஸ்ட்டை நிறுத்திவிட்டு அப்புறம் 50 மி.மீ. கலவையும் டைல்ஸும் போட்டால் ரெயிலிங் 1,050 ஆகிவிடும். கீழ்ச்சட்டத்தின் அடியில் விட்ட 75உம் 25 ஆகி, தண்ணீரோடு வரும் சருகெல்லாம் அங்கே அடைத்துக்கொள்ளும். படியிலும் இதே கதைதான். மிதியில் கல் பதிப்பதாக இருந்தால் பதித்த பிறகு 12 முன்விளிம்புகளுக்கும் நூல் கட்டி மறுபடி அளந்துவிடுங்கள், முதல் ஏற்றமும் கடைசி ஏற்றமும் பெரும்பாலும் 175இல் நிற்காது.

இனி வாங்குவது. கம்பியும் குழாயும் 6 மீட்டர் நீளத்தில் வரும் என்று வைக்கிறேன். மொத்த நீளத்தைக் கூட்டி 6ஆல் வகுத்தால், 50 முறை 958உம் 22 முறை 778உம் சேர்ந்து 65 மீட்டர், 11 கம்பி போதும் என்று தோன்றும். போதாது. ஒரு முழுக்கம்பியில் பால்கனித் துண்டு ஆறுதான் விழும், ஏழாவதற்கு இடமில்லாமல் கால் மீட்டர் வீணாகும். படித்துண்டு ஏழு விழும், அரை மீட்டருக்கு மேல் மிஞ்சும். தனித்தனியாக வெட்டினால் பால்கனிக்கு 9, படிக்கு 4, மொத்தம் 13. கலந்து வெட்டினால் ஒன்று மிச்சம்: எட்டு கம்பியில் 48 பால்கனித் துண்டுகள், ஒன்பதாவதில் மீதி 2 பால்கனித் துண்டும் 5 படித்துண்டும், அப்புறம் மூன்று கம்பியில் மிச்சமுள்ள 17 படித்துண்டுகள். 12 கம்பி. இதை 11ஆகக் குறைக்க முடியுமா என்று எல்லா வகையிலும் கலந்து பார்த்தேன், எப்படி வெட்டினாலும் ஒரே ஒரு பால்கனித் துண்டு குறைகிறது. பன்னிரண்டாவது கம்பியில் மூன்றரை மீட்டருக்கு மேல் மிஞ்சும், வெட்டும்போது கோணம் தப்பிய துண்டுக்கு அது கைகொடுக்கும். 16 மி.மீ. சதுரக் கம்பி மீட்டருக்கு 2 கிலோ என்பதால் 12 கம்பியும் சேர்ந்து 144 கிலோ வரும். எடைக்கு விற்கிற கடையில் சரிபார்க்க இது உதவும்.

கைப்பிடியில் எண்ணிக்கையைவிட வெட்டும் வரிசை முக்கியம். படிக்கு 3,357உடன் இரண்டு முனையிலும் போஸ்ட்டுக்கு வெளியே 150 வீதம் நீட்டினால் 3,657. பால்கனி மூலைகளில் 45 பாகையில் சேர்ப்பதால் வெளிமுனை அளவாக முன்பக்கம் 3,650, ஓரம் ஒவ்வொன்றும் 1,225. பால்கனிக்கு மட்டும் 6,100. இதைப் பார்த்ததும் பட்டறைப் பையன் ஒரு முழுக்குழாயை எடுத்து ஓரங்கள் இரண்டையும் வெட்டிவிட்டு, மீதி 3,550ஐ முன்பக்கத்தில் வைத்துப் பார்ப்பான். 100 மி.மீ. குறையும், ஒட்டுப்போட வேண்டியதுதான், அதுவும் முன்பக்கத்தில், எல்லோரும் கை வைக்கும் இடத்தில். முதலில் நீளமான இரண்டையும் ஆளுக்கொரு குழாயில் வெட்டச் சொல்லுங்கள்: ஒன்றில் படிக் கைப்பிடி, இன்னொன்றில் பால்கனி முன்பக்கம். ஒவ்வொன்றின் மிச்சத்திலும் ஓர் ஓரம் தாராளமாக விழும். இரண்டு குழாய், நடுவில் ஒரு ஒட்டும் கிடையாது.

கீழ்ச்சட்டம் போஸ்ட்டுகளுக்கு நடுவே துண்டு துண்டாக நிற்பது. படிக்கு 1,335ஐ 1.22ஆல் பெருக்கி 1,630 வீதம் இரண்டு, பால்கனிக்கு 1,160 மூன்று, 1,140 இரண்டு. இரண்டு குழாயில் அடங்கும். போஸ்ட்டுக்கும் 40 மி.மீ. சதுரக் குழாய் இரண்டு போதும். ரெயிலிங்கை மீட்டர் கணக்கில் விலை பேசியிருந்தால் படிக்குச் சாய்வில்தான் அளப்பார்கள், 2,750 என்று கிடையில் அளக்க மாட்டார்கள். அது நியாயமான அளவு. முனை நீட்டலோடு 3.66 மீட்டர், பால்கனி 6 மீட்டர்.

கடைசியாக, முழு வெல்டிங் போடும் முன், புள்ளி புள்ளியாக மட்டும் பற்றவைத்து, அதாவது டேக் அடித்து நிறுத்திய நிலையில் பட்டறைக்குப் போய் ஒரு சோதனை செய்யுங்கள். 100 மி.மீ. கனசதுரமாக ஒரு மரக்கட்டையை அறுத்து எடுத்துப் போங்கள். ஒவ்வொரு இடைவெளியிலும், போஸ்ட்டை ஒட்டிய இடைவெளிகளையும் விடாமல், கட்டையைக் கிடையாகப் பிடித்து நுழைத்துப் பாருங்கள், எங்கேயும் புகக் கூடாது. தப்பு நடந்திருந்தால் பெரும்பாலும் போஸ்ட்டை ஒட்டித்தான் இருக்கும், ஏனென்றால் குறித்ததில் வந்த மிச்சமெல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். டேக் நிலையில் கம்பியை ஒரு தட்டுத் தட்டி நகர்த்திவிடலாம். முழு வெல்டிங் போட்டு விட்டால் அறுத்து எடுத்துத்தான் திருத்த வேண்டும்.